ஒரு பம்பும் அதன் வரைபடமும்: ஐந்து நாள் குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

உலைக்கு எண்ணெய் அனுப்பும் P-101A பம்பின் பைப்பிங் வரைபடத்தை இன்று கையில் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அதை முழுதாகப் படித்துவிட்டு, திங்களன்று லைனை நேரில் நடந்து சரிபார்க்க வேண்டும் என்பது உத்தரவு. படத்தைத் தொடுவதற்கு முன் குறியீட்டு விளக்கத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். கருவிகளின் எழுத்துகளுக்கு ஐ.எஸ்.ஏ 5.1 என்ற தரமுறை இருந்தாலும், வால்வுப் படங்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று சில பழக்கங்களை வைத்திருக்கிறது.

முதல் தவறு முதல் மணி நேரத்திலேயே நேர்ந்தது. இரண்டு முக்கோணங்கள் முனையோடு முனை சந்திப்பது கேட் வால்வு. அந்தச் சந்திப்பில் ஒரு கரும்புள்ளி இருந்தால் குளோப் வால்வு. எங்கள் தாளின்படி முக்கோணங்கள் முழுவதும் கறுப்பாக நிரப்பப்பட்டிருந்தால், அது இயல்பில் மூடி வைக்கப்படும் வால்வு. என்னிடம் இருந்ததோ பெரிய தாளிலிருந்து சுருக்கி எடுத்த ஏ3 நகல். அதில் புள்ளி ஊறிப் பரவி முக்கோணங்களையும் கறுப்பாக்கியிருந்ததால், திறந்திருக்க வேண்டிய ஒரு குளோப் வால்வை மூடிய வால்வு என்று குறித்துவிட்டேன். மூல அளவு நகலை வாங்கிய பிறகே அது விளங்கியது.

4 மார்ச், செவ்வாய்

இன்று எண்ணெய் போகும் வழியே விரலை நகர்த்தினேன். V-101 டிரம்மின் அடியிலிருந்து வரும் லைனில் கேட் வால்வு, ஸ்ட்ரெய்னர், பிறகு பம்ப். வட்டத்துக்குக் கீழே பீடம் வரைந்திருப்பதால் இது சென்ட்ரிஃபியூகல் பம்ப். அதே தாளின் ஓரத்தில் உள்ள ரசாயனம் செலுத்தும் பம்பின் குறியீடு வேறு. அது பிஸ்டனால் தள்ளும் வகை. அதன் வெளிவழியில், முதல் வால்வுக்கு முன்பாகவே, ஒரு நிவாரண வால்வு பிரிந்து உள்வழிக்குத் திரும்புகிறது. அந்த வகைப் பம்பின் வெளிவழி வால்வை மூடினால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் என்பதால் அது அங்கே இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் படத்தில்தான் பிழை.

நம் பம்பின் வெளிவழியில் அழுத்தமானி, நான்-ரிட்டர்ன் வால்வு, கேட் வால்வு என்ற வரிசை. அதற்கு அப்பால் ஓட்டத்தை அளக்கும் FE-102. அதைத் தாண்டிய பிறகே லைன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை உலைக்குப் போகிறது. மற்றொன்று டிரம்முக்கே திரும்புகிறது. பம்பின் சாதாரண ஓட்டம் மணிக்கு 60 கன மீட்டர். 20-க்குக் கீழே போனால் உள்ளிருக்கும் எண்ணெய் சூடேறிப் பம்ப் கெடும். உலை குறைவாக வாங்கும் நேரத்தில் மீதத்தைச் சுற்றவிடுவதற்காகவே அந்தத் திரும்பு லைன். அளவி பிரிவுக்கு முன்னால் இருப்பதால் பம்ப் தள்ளும் மொத்த ஓட்டத்தையும் அது பார்க்கிறது. பிரிவுக்குப் பின்னால், உலைப் பக்கத்தில் அது இருந்திருந்தால், திரும்பு வால்வு எவ்வளவு திறந்தாலும் அளவு உயராது. வால்வு முழுக்கத் திறந்து அப்படியே நின்றுவிடும். பி&ஐடி எனப்படும் இந்த வகைப் பைப்பிங் வரைபடத்தில் தூரத்துக்கும் உயரத்துக்கும் பொருள் இல்லை; வரிசைக்கு மட்டும் முழுப் பொருளும் உண்டு.

6 மார்ச், வியாழன்

வட்டங்களுக்கு வந்தேன். கோடில்லாத வட்டம் களத்தில் உள்ள கருவி. சதுரத்துக்குள் அமைந்த வட்டத்தின் நடுவே கோடு இருந்தால், கன்ட்ரோல் ரூம் திரையில் ஆபரேட்டர் காணும் கருவி. முதல் எழுத்து எதை அளக்கிறோம் என்று சொல்கிறது. பின்வருபவை அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்கின்றன. FT-102 ஓட்டத்தை அளந்து அனுப்புகிறது, FIC-102 அதைக் காட்டிக் கட்டுப்படுத்துகிறது, FY-102 மின்சாரக் குறிப்பைக் காற்றழுத்தமாக மாற்றுகிறது, FV-102 திரும்பு லைனின் வால்வு. FY வரை செல்வது விட்டுவிட்டு வரைந்த கோடு, அதாவது மின்சாரம். அதன் பிறகு இரட்டைச் சாய்கோடுகள் குறுக்கிட்ட கோடு, அதாவது காற்று.

இனி என்னை அரைநாள் அலைக்கழித்த விஷயம். FV-102-க்குக் கீழே FO என்று எழுதியிருந்தது. அதே திரும்பு லைனில் சற்றுத் தள்ளி ஒரு வட்டத்துக்குள் FO-103 என்று இருந்தது. இரண்டும் ஒன்றைப் பற்றியவை என்று எடுத்துக்கொண்டு, இல்லாத இரண்டாவது கட்டுப்பாட்டு வால்வைத் தேடினேன். வால்வின் அடியில் எழுதப்படும் FO, காற்று நின்றுபோனால் ஸ்பிரிங் அதைத் திறந்துவிடும் என்பதைச் சொல்கிறது. வட்டத்துக்குள் வரும் FO, முதல் எழுத்து ஓட்டம், இரண்டாவது துளைத் தகடு என்ற கணக்கில், அழுத்தத்தைக் குறைப்பதற்காகக் குழாய்க்குள் வைத்த துளையிட்ட தகடு. சில நிறுவனங்கள் இந்தக் குழப்பத்துக்காகவே தகட்டுக்கு RO என்று எழுதுகின்றன. எங்கள் படம் வரைந்தவருக்கு அந்த இரக்கம் இல்லை.

7 மார்ச், வெள்ளி

அந்த எழுத்து இன்று திரையில் வேலை காட்டியது. காலையில் FIC-102 மொத்த ஓட்டத்தை 70 என்று காட்டியது. உலைப் பக்கத்து FI-101 காட்டியதோ 45. FIC-102 கைமுறையில் இருந்தது, அதன் வெளியீடு 0 சதவீதம். வெளியீடு பூஜ்யம் என்றால் திரும்பு வால்வு மூடியிருக்கிறது, ஆகவே இரண்டு அளவிகளில் ஒன்று பொய் சொல்கிறது என்று எழுதிக்கொண்டு கருவிப் பிரிவுக்குப் போனேன்.

அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் அளவிகளைப் பற்றிப் பேசவே இல்லை. “தம்பி, அந்த வால்வுக்குக் கீழே என்ன போட்டிருக்கு, படத்தைப் பாருங்க” என்றார். காற்று நின்றால் திறக்கும் வால்வை மூடுவதற்குத்தான் காற்று வேண்டும். 0 சதவீதம் என்பது 4 மில்லி ஆம்பியர். அதை FY 3 பி.எஸ்.ஐ ஆக்குகிறது; அந்த அழுத்தத்தில் ஸ்பிரிங்தான் வெல்லும், வால்வு முழுவதும் திறந்திருக்கும். 20 மில்லி ஆம்பியரில், அதாவது 15 பி.எஸ்.ஐ-யில், அது மூடும். இரவில் பம்பைக் கிளப்பியவர்கள் திரும்பு லைனைத் திறந்து வைத்துவிட்டு, தானியங்கிக்கு மாற்ற மறந்திருக்கிறார்கள். காணாமல் போன 25 கன மீட்டர் டிரம்முக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரின் ஆம்பியர் வழக்கத்தைவிட ஏறியிருந்ததும் அதற்குச் சான்று. நான் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இதிலிருந்து கட்டுப்படுத்தியின் போக்கையும் காகிதத்திலேயே வருவித்துவிடலாம். ஓட்டம் குறைந்தால் வால்வு திறக்க வேண்டும். திறக்க வெளியீடு குறைய வேண்டும். ஆகவே அளவும் வெளியீடும் ஒரே திசையில் நகர வேண்டும். ஆனால் எல்லா ஆலைகளிலும் திரையின் 0 இதையே குறிக்காது. சில இடங்களில் 100 என்றாலே திறப்பு என்று வரும்படி குறிப்பை உள்ளே திருப்பி வைத்திருப்பார்கள். அந்தத் திருப்பத்தைப் பி&ஐடி காட்டாது; அதற்கு அந்தக் கருவியின் லூப் வரைபடத்தை எடுக்க வேண்டும்.

10 மார்ச், திங்கள்

சிவப்புப் பேனாவுடன் லைனை நடந்தேன். பம்ப், நான்-ரிட்டர்ன் வால்வு, FE-102, பிரிவு எல்லாம் படத்தின் வரிசையிலேயே இருந்தன. FO-103 மட்டும் அகப்படவில்லை. படத்தில் அது FV-102-க்கு அடுத்து ஒரு விரல்கடை தூரத்தில் இருக்கிறது என்பதால் வால்வைச் சுற்றியே தேடினேன். கடைசியில் ஏணி ஏறி டிரம்முக்கு அருகே போனபோது, இரண்டு ஃபிளேஞ்சுகளுக்கு நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தகட்டின் கைப்பிடி தெரிந்தது. பெயின்ட்டைச் சுரண்டினால் FO-103 என்ற எண்ணும் துளையின் விட்டமும் பொறிக்கப்பட்டிருந்தன. படத்தின் வரிசைப்படி அது சரியான இடமே. பேனாவை மூடி வைத்தேன்.