06/07 என்ற ஒரு திகதி எங்கள் ராத்திரியைத் தின்ற கதை

சனி ஞாயிறு இரண்டு நாளும் நுவரெலியாவில் ஒரு ஹேக்கத்தானில் இருந்துவிட்டு நேற்று இரவுதான் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தேன். தூக்கம் இன்னும் தெளியவில்லை. ஆனாலும் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த தடவை நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் இரண்டு மூன்று குழு போக நினைக்கிறார்கள், நாங்கள் விழுந்த இடத்தில் அவர்களும் விழக்கூடாது.

நாங்கள் நான்கு பேர். எடுத்துக்கொண்டது தோட்டத்தில் நடக்கிற தேயிலைக் கொழுந்து நிறுவை. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நிறுக்கிறார்கள், ஈரத்துக்கென்று கிலோ கழிக்கிறார்கள், சாயங்காலம் மொத்தம் கேட்டால் எடுத்தவர் கணக்கு ஒன்று, எழுதியவர் கணக்கு ஒன்று. கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேர் ஆகிவிடும், அதாவது அரை நாள் சம்பளம்தான். இந்த வாக்குவாதத்தை அம்மா வாயால் கேட்டே வளர்ந்தவன் நான். அதனால் போர்டின் உச்சியில் பெரிதாக ஒரே வரி எழுதினோம்: ‘அம்மா தன் நம்பரைத் தட்டினால் இன்றைக்கு எத்தனை கிலோ என்று தெரிய வேண்டும், சிக்னல் இல்லாத மலையிலும் நிறுவை பதிய வேண்டும்.’

போர்ட் என்றால் கடையில் வாங்கிய பிரிஸ்டல் போர்ட்தான். செய்ய வேண்டியது, கையில் இருப்பது, முடிந்தது, வெட்டியது என்று நான்கு கட்டம், ஸ்டிக்கி நோட்டில் வேலைகள். ஒரு ஆள் கையில் ஒரே நேரத்தில் ஒரு சீட்டுதான் இருக்கலாம். சனி காலை ஒன்பதுக்கு ஆரம்பம், ஞாயிறு பகல் ஒரு மணிக்குச் சமர்ப்பிக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு செக்பாயிண்ட், அதாவது பகல் 1, மாலை 5, இரவு 9, நடுராத்திரி 1, விடிய 5, காலை 9, எல்லோரும் போர்ட் முன்னால் பத்து நிமிஷம் நிற்பது என்று பேசிக்கொண்டோம்.

முதல் அடி வாசலிலேயே விழுந்தது. மாணவர் என்று உறுதிப்படுத்தும் கடிதத்தை ஈமெயிலில் அனுப்பியிருந்தோம், பதிவு மேசையில் இருந்தவரோ முத்திரை வைத்த அச்சுப் பிரதி கையில் இல்லாவிட்டால் உள்ளே விட முடியாது என்றார். போனில் காட்டினோம், பார்க்கவே இல்லை. மழையில் டவுனுக்கு ஓடி, பிரிண்ட் எடுக்கிற கடை திறக்கும் வரை காத்திருந்து திரும்பி வந்தபோது பத்தரை மணி. ஈமெயிலில் அனுப்பியதையெல்லாம் அச்செடுத்து இரண்டு பிரதி பையில் வைத்துக்கொண்டு போங்கள். அதற்குப் பிறகு முதல் செக்பாயிண்ட் வரை பிரச்சினை இல்லை.

இனித்தான் விஷயம். மாலை ஐந்து மணி செக்பாயிண்டில் ‘போனில் நிறுவை பதியும் ஸ்கிரீன்’, ‘சேர்வரில் நாள் மொத்தம்’ என்ற இரண்டு சீட்டும் முடிந்தது கட்டத்துக்குப் போயின. ஸ்கிரீன் செய்த தங்கச்சி சேர்வர் மாதிரி நடிக்கிற ஒரு கோப்பை வைத்துச் சோதித்திருந்தாள். சேர்வர் செய்த தம்பி தன் கையால் தட்டிய தரவை வைத்துச் சோதித்திருந்தான். இருவரும் சொன்னது உண்மை, அவரவர் பக்கம் வேலை செய்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு போர்டிலேயே இல்லை. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாடு வந்துவிட்டது, சாப்பிட்டுக்கொண்டே ‘எப்படிப் போகுது?’, ‘எண்பது வீதம் முடிந்தது’ என்று பேசிவிட்டுக் கலைந்தோம். அந்த ஒரு செக்பாயிண்டைத் தவறவிட்டதற்குத்தான் நாங்கள் விலை கொடுத்தோம்.

நடுராத்திரி ஒரு மணிக்கு முதல் தடவையாகப் போனில் 12.5 என்று பதிந்தோம். சேர்வர் வாங்கிக்கொண்டது. பிழை எதுவும் காட்டவில்லை. இன்றைய மொத்தம்: 0. சிக்னல் இல்லாதபோது போனிலேயே சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும் பகுதிதான் சிக்கலானது என்பதால் அதன்மேல் சந்தேகப்பட்டு இரண்டு மணி நேரம் அதையே குடைந்தோம். கடைசியில் தரவுத்தளத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பன்னிரண்டரைக் கிலோ ஜூன் மாதத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

```
போன் அனுப்பியது:  "date": "06/07/2025"
சேர்வரில்:        new Date("06/07/2025")  // ஜூன் 7
```

நாம் திகதியில் நாளை முதலில் எழுதுகிறோம், ஜாவாஸ்கிரிப்ட் அதை மாதம் முதலில் என்று வாசிக்கிறது. 06 மாதமாகவும் இருக்கலாம் என்பதால் அது முறையிடவே இல்லை. தம்பி தன் சோதனையில் 2025-07-05 என்று தட்டியிருந்தான், அதனால் அவனுக்கு எல்லாம் சரியாகவே வந்தது. நாள் 12க்கு மேல் இருந்திருந்தால் Invalid Date என்று வந்து பிடிபட்டிருக்கும். சரி செய்யக் கால் மணி நேரம் போதும்: போன் 2025-07-06 வடிவில் அனுப்பும், சேர்வர் அதை அப்படியே எழுத்தாக வைத்துக்கொள்ளும், வேறு வடிவில் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பும்.

மூன்றரை மணிக்குப் போர்ட் முன்னால் நின்று விதியை மாற்றினோம். இனி செக்பாயிண்டில் யாரும் வீதம் சொல்லக் கூடாது. ஒரே ஒரு போனை எடுத்து, உச்சியில் எழுதிய அந்த வரியை முதலிலிருந்து கடைசி வரை எல்லோர் கண் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் சீட்டு நகரும், ஓடாவிட்டால் மற்ற வேலையெல்லாம் நின்று அதுதான் அடுத்த வேலை. அப்புறம் மாதச் சம்பளச் சீட்டு, வரைபடம், சிங்களத்திலும் ஸ்கிரீன் என்ற மூன்றையும் வெட்டியது கட்டத்துக்கு நகர்த்தினோம். சம்பளச் சீட்டை நகர்த்தும்போது எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் ஒன்பதரை மணி நேரத்தில் அது முடியாது.

விடிய ஐந்து மணிக்கே இந்த விதி பலன் தந்தது. ஃபிளைட் மோடில் 12.5 பதிந்து, சிக்னலைத் திறந்து, பாதியில் மறுபடி மூடித் திறந்தோம். மொத்தம் 25 கிலோ என்று இரட்டிப்பாக வந்தது. அனுப்பியது போய்ச் சேர்ந்த பிறகு பதில் வருவதற்குள் சிக்னல் போனால், போன் அதே நிறுவையை இன்னொரு தடவை அனுப்பிவிடுகிறது. பதியும்போதே போன் ஒவ்வொரு நிறுவைக்கும் தனி எண் கொடுக்க, அதே எண் இரண்டாம் தடவை வந்தால் சேர்வர் விட்டுவிடும்படி மாற்றினோம். பழையபடி ‘முடிந்தது’ என்று வாயால் சொல்லியிருந்தால் இது நடுவர் முன்னால்தான் வெளிவந்திருக்கும்.

இன்னொன்று, ஜூலை மாதத்து நுவரெலியா ஈரத்தில் ஸ்டிக்கி நோட் நிற்காது. பனி உள்ளே வந்து சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, விடியற்காலையில் கூட்டிப் பெருக்க வந்தவர் குப்பை என்று நினைத்து இரண்டை எடுத்துப் போய்விட்டார். இரவு ஒரு மணிக்கு எதேச்சையாக எடுத்த படம் போனில் இருந்ததால் என்னென்ன போனது என்று தெரிந்துகொண்டோம். மாஸ்கிங் டேப் வாங்கிப் போங்கள், ஒவ்வொரு செக்பாயிண்ட் முடிவிலும் போர்டைப் படம் எடுங்கள்.

காலை ஒன்பது மணிக்குப் பிறகு புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஓடுகிற அப்பை வீடியோ எடுத்து வைத்தோம், பன்னிரண்டரைக்குச் சமர்ப்பித்தோம். பரிசு கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கையில் போனைக் கொடுத்து ஃபிளைட் மோடில் போட்டேன். தன் பழைய நம்பரைத் தட்டி எட்டு, ஒன்பது, ஆறு என்று மூன்று நிறுவை பதிந்தார். சிக்னலைத் திறந்தேன். 23 என்று வந்தது. ‘ஈரத்துக்குக் கழிக்கிறதை எங்கே காட்டும்?’ என்று கேட்டார். அதற்கான சீட்டை இன்று காலை எழுதி ஒட்டியிருக்கிறேன், இந்தத் தடவை டேப் போட்டு.