‘உம்’ போனதால் வந்த வினை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். மனு, பத்திர நகல், ஆங்கில நோட்டீசுக்குத் தமிழ் என்று பிழைப்பு ஓடுகிறது. போன மாதம் மார்க்கெட் கடைக்காரர்கள் நான்கைந்து பேர் ஓர் அரசாணையைக் கொண்டு வந்தார்கள். கடை வாடகை உயர்விலிருந்து யாருக்கெல்லாம் விலக்கு என்பதுதான் விஷயம். கூட்டத்தில் படித்துக் காட்டத் தமிழில் வேண்டும் என்றார்கள். சுருக்கம், படிக்க, ஆணை, பெறுநர் எல்லாம் கை பழகிய வேலை, ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நான்காம் பத்திதான் என்னை மாட்டிவிட்டது.

நாலாம் நாள் வாழைத்தார் மண்டிக்காரர் கையில் என் தாளோடு வந்தார். “ஏம்மா, எனக்கு விலக்கு இருக்குன்னு நீதானே அடிச்சுக் குடுத்த? பழைய வாடகையக் கட்டப் போனா, நாலு மாசம் பாக்கி வச்சிட்டு விலக்கு கேக்குறியான்னு வாங்க மாட்டேங்கிறாங்க.”

நான் அடித்திருந்தது இது: “கடையை உள்வாடகைக்கு விட்டு, மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் நீங்கலாக, ஏனைய குத்தகைதாரர்களுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது.” படிக்க ஓட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது இரண்டு கூட்டம். உள்வாடகைக்கு விட்டவர்கள் ஒன்று, பாக்கிக்காரர்கள் இன்னொன்று. இரண்டில் எதில் விழுந்தாலும் விலக்கு கிடையாது. நான் ‘விட்டு’ என்று எச்சம் போட்டதும் இரண்டும் ஒட்டி, இரண்டு தப்பையும் ஒருவரே செய்தால்தான் விலக்கு போகும் என்றாகிவிட்டது. மண்டிக்காரர் உள்வாடகைக்கு விடவில்லை. என் தமிழின்படி அவர் நினைத்ததில் தப்பே இல்லை.

முதலில் (அ), (ஆ) என்று பிரித்துப் போட்டேன். பக்கத்து வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அண்ணன் பார்த்துவிட்டு அதைக் கோடு போட்டு நீக்கினார். மூலத்தில் இல்லாத உட்பிரிவை நாமே உண்டாக்கினால், நாளைக்கு யாராவது மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிடுவார், ஆபீசில் அப்படி ஒரு பிரிவே இல்லை என்பார்கள். கடைசியில் “உள்வாடகைக்கு விட்டிருப்பவர்களும், மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களும் நீங்கலாக” என்று ஒரே வாக்கியமாக வைத்தோம். இரண்டு ‘உம்’தான் வித்தியாசம்.

அண்ணன் அதோடு விடவில்லை. அடுத்து, முன்னால் சொன்னதற்கு நிபந்தனை போடும் இரண்டு வரம்புரைகள் இருந்தன; இரண்டையும் நான் ‘ஆனால்’, ‘ஆனால்’ என்றே தொடங்கியிருந்தேன். அறுபது நாளுக்குள் வட்டியோடு பாக்கியைக் கட்டினால் விலக்கு உண்டு என்பது முதலாவது. காலி செய்ய ஆணை பெற்றவர்களுக்கு *முதல் வரம்புரை* பொருந்தாது என்பது இரண்டாவது. நான் அதை “விலக்கு பொருந்தாது” என்று சுருக்கிவிட்டேன். வேறு காரணத்துக்காகக் காலி ஆணை வாங்கி, ஒரு பைசா பாக்கி இல்லாத கடைக்காரருக்கு மூலத்தில் விலக்கு உண்டு. என் தாளில் அவரும் வெளியே. எது எதை மறுக்கிறது என்பதை எழுதாமல் விட்டதால் வந்தது.

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. ‘பாக்கி’ என்றால் என்ன என்பதற்கு இணைப்பைக் காண்க என்கிறது ஆணை. கடைக்காரர்கள் கொடுத்த நகலில் இணைப்பே இல்லை. அதைக் கேட்டு இரண்டு முறை பஸ் ஏறி ஆபீசுக்குப் போனேன். “மொழிபெயர்க்க இணைப்பு எதுக்கும்மா, அதுல என்ன இருக்கப் போகுது” என்றார் அங்கிருந்தவர். மூன்றாம் முறை வேறொருவர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். வழக்கில் இருக்கும் தொகை பாக்கியில் சேராது என்று அதில் ஒரு வரி. விலக்கு பத்தியில் மட்டும் இருப்பதில்லை, இணைப்பிலும் ஒளிந்திருக்கும். இணைப்பு கைக்கு வராமல் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திருத்திய பிறகு ஒரு சோதனை வைத்தோம். மார்க்கெட்டில் உள்ள மாதிரி ஆறு பேரைக் கற்பனை செய்தோம்: பாக்கி மட்டும் உள்ளவர், உள்வாடகை மட்டும் விட்டவர், சரியாக மூன்றே மாதம் பாக்கி உள்ளவர், இப்படி. அண்ணன் ஆங்கிலத்தை வைத்து ஒவ்வொருவருக்கும் உண்டு, இல்லை என்று எழுதினார். ஆங்கிலம் பார்க்காத என் தங்கை என் தமிழை மட்டும் வைத்து எழுதினாள். ஐந்து ஒத்துப்போனது. மூன்று மாதக்காரரிடம் இடித்தது. ‘மேல்’ என்பதை அவள் மூன்றும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். “மூன்று மாதத்தைத் தாண்டிய” என்று மாற்றினேன்.

அடியில் “ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே செல்லும்” என்று ஒரு வரியும் சேர்த்தேன். முதல் தாளிலேயே போட்டிருக்க வேண்டும்.

மண்டிக்காரருக்கு அறுபதில் பத்தொன்பது நாள் மிச்சம் இருந்தது. வட்டியோடு கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டாம் தாளுக்கு நான் காசு வாங்கவில்லை. அவரும் கொடுக்க நினைத்த மாதிரி தெரியவில்லை.