நோ எரர்னு எப்போ தைரியமா போடலாம்: முகர்ஜி நகர்ல நாங்க பழகின விதம்

டெல்லி முகர்ஜி நகர்ல ரூம் எடுத்து சென்ட்ரல் கவர்மென்ட் வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் எக்ஸாமுக்கு படிச்சப்போ இங்கிலீஷ்ல என்னை அதிகமா யோசிக்க வெச்சது, வாக்கியத்துல தப்பு கண்டுபிடிக்கற ஸ்பாட் தி எரர்ல நோ எரர்னு வர்ற அந்த நாலாவது ஆப்ஷன்தான். டயர் 1ல இங்கிலீஷ்க்கு 25 கேள்வி, ஒண்ணுக்கு 2 மார்க், தப்பா போட்டா அரை மார்க் போயிடும். எரர் கேள்வி ரெண்டு மாதிரி வரும். ஒண்ணுல வாக்கியத்தை நாலு துண்டா வெட்டி, எந்த துண்டுல தப்புன்னு கேப்பாங்க, அங்க தப்பு இருக்குன்னு முன்னாடியே தெரியும், தேடினா போதும். இன்னொண்ணுல மூணு துண்டுதான், நாலாவதா நோ எரர்னு இருக்கும். இதுல தப்பு இருக்கா இல்லையாங்கறதே கேள்வி, அதான் கஷ்டம்.

கோச்சிங்ல கிளாஸ் ஹிந்தியிலதான் நடக்கும். இங்கிலீஷ் கிராமரை ஹிந்தியில கேட்டு மண்டைக்குள்ள தமிழ்ல மாத்திக்கணும், அதுக்குள்ள சார் அடுத்த கேள்விக்கு போயிருப்பாரு. அங்க எல்லாரும் சொல்றது, எதுவும் கண்ணுல படலைன்னா நோ எரர் போட்டுட்டு போயிட்டே இரு. எங்க ரூம்ல கரூர்க்கார அக்கா ஒருத்தங்க இருந்தாங்க, ஏற்கனவே பாஸ் பண்ணி ஒரு சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீஸ்ல வேலைக்கு போயிட்டு இருந்தாங்க. அவங்க சொன்னது வேற. "கிடைக்கலைங்கறதுக்காக நோ எரர் போடாதடி, கேள்வி எடுக்கறவன் எங்க பொறி வெச்சிருக்கான்னு கண்டுபிடி, அந்த இடம் சரியா இருக்குன்னு காரணத்தோட சொல்ல முடிஞ்சா போடு."

அந்த ஒரு பேச்சை பிடிச்சுக்கிட்டுதான் நானும் பக்கத்து பில்டிங்ல இருந்த திருநெல்வேலி பொண்ணும் பழைய ஷிஃப்ட் பேப்பரையெல்லாம் ஆன்சர் கீயோட எடுத்து, விடை நோ எரர்னு இருக்கற கேள்விகளை மட்டும் ஒரு நோட்டுல தனியா எழுத ஆரம்பிச்சோம். பக்கத்துலயே, நம்மள எந்த வார்த்தையில தடுக்கி விட பாத்திருக்காங்கன்னு ஒரு வரி. கொஞ்ச நாள்லயே ஒண்ணு தெளிவாச்சு: கேள்வி எடுக்கறவங்க நோ எரர்க்கு சும்மா ஒரு சாதாரண வாக்கியத்தை வெக்கறது குறைவு, பெரும்பாலும் காதுக்கு தப்பா கேக்கற ஆனா விதிப்படி சரியான ஒரு இடம் உள்ள இருக்கும். எங்க நோட்டுல முதல் பக்கத்துக்கு நாங்களே எழுதி வெச்ச மாதிரி கேள்வி இது:

```
One of the students / who were absent yesterday /
has submitted the form. / No error
```

படிச்ச உடனே கை ரெண்டாவது துண்டுக்கு போகும். ஒன்னுன்னு ஆரம்பிச்சுட்டு வேர்னு வந்திருக்கே, வாஸ்தானே வரணும்னு தோணும். இல்ல வேர் சரின்னு விட்டா, அடுத்து ஹாஸ் உறுத்தும், ரெண்டுல ஏதோ ஒண்ணு தப்பாத்தானே இருக்கணும்னு. இங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு வினைக்கும் யாரு எழுவாய்னு தனித்தனியா கேக்கறது. வேர் யாரை பத்தி? ஹூவுக்கு சரியா முன்னாடி நிக்கறது ஸ்டூடன்ட்ஸ், நேத்து வராதவங்க பல பேரு, அதனால வேர் சரி. ஹாஸ் யாரை பத்தி? ஃபார்ம் குடுத்தது அந்த பல பேர்ல ஒருத்தர், அதனால ஹாஸ் சரி. ரெண்டு வினை, ரெண்டு எழுவாய், ரெண்டும் பொருந்துது. அதுக்கு மேல யெஸ்டர்டே இருக்கு, அதுக்கு வேர்ங்கற பாஸ்ட் பொருந்துது, ஹாஸோட சப்மிட்டட்னு மூணாவது வடிவம் வந்திருக்கு. இப்போ நோ எரர் போடலாம், ஏன்னா பொறி எங்கன்னும் தெரியும், அது ஏன் சரின்னும் தெரியும். இதே வாக்கியம் தி ஒன்லி ஒன்னுன்னு ஆரம்பிச்சிருந்தா கதை மாறிடும், வராதது அந்த ஒரே ஆள் மட்டும்தான்னு ஆயிடும், அப்போ வாஸ்தான் வரணும், வேர் இருந்தா தப்பு. ஒன்லிங்கற ஒரு வார்த்தையில விடை மாறுது, அதனால முதல் துண்டை வேகமா தாண்டக்கூடாது.

இதே ஜாதியில இன்னும் ரெண்டு அடிக்கடி கண்ணுல படும். ட்வென்டி கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் டிஸ்டன்ஸ்னு வரும், தூரத்தை ஒரே அளவா எடுத்துக்கறதால இஸ் சரி, கிலோமீட்டர்ஸ்ல இருக்கற எஸ்ஸை பாத்து ஏமாறக்கூடாது. இன்னொண்ணு இது:

```
The committee recommended / that the fee be reduced /
for all candidates. / No error
```

ஃபீக்கு பக்கத்துல வெறும் பீயா, இஸ் இல்ல வாஸ் வர வேண்டாமான்னு எல்லாருக்கும் தோணும். ரெகமெண்ட், சஜெஸ்ட், டிமாண்ட், இன்ஸிஸ்ட் மாதிரி இது நடக்கணும்னு கேக்கற வினைக்கு அப்புறம் தட் வந்தா, அடுத்த வினை அப்படியே மொட்டையா நிக்கும். சஜெஸ்டட் தட் ஹி கோ, இதுல கோஸ் வராது. ஆனா சஜெஸ்ட்டுக்கு தெரியப்படுத்துதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, ரிப்போர்ட் சஜெஸ்ட்ஸ் தட் ஹி இஸ் கில்டின்னு வந்தா அது சாதாரண வாக்கியம், இஸ்தான் சரி. அர்த்தத்தை பாக்காம விதியை மட்டும் மனப்பாடம் பண்ணினவங்க இங்க சறுக்குவாங்க.

ஆனா பொறி கண்டுபிடிச்சாச்சு, அது சரியா இருக்கு, உடனே நோ எரர்னு ஓடவும் கூடாது. காதை உறுத்தற ஒண்ணை முன்னாடி வெச்சுட்டு, நிஜ தப்பை பின்னாடி சத்தமில்லாம வெக்கறதும் உண்டு. இதை பாருங்க:

```
Hardly had the train left / the platform than /
it began to rain. / No error
```

ஹார்ட்லி ஹேட் தி ட்ரெய்ன்னு தலைகீழா இருக்கறதுதான் முதல்ல உறுத்தும். அது சரி, ஹார்ட்லி முன்னாடி வந்தா ஹேட் எழுவாய்க்கு முன்னாடி போகும். அதை சரிபாத்த சந்தோஷத்துல நோ எரர் போட்டா மார்க் போச்சு, ஏன்னா ஹார்ட்லிக்கு ஜோடி வென், தேன் வர்றது நோ சூனர்க்கு. ரெண்டாவது துண்டுல தப்பு. அதே இடத்துல வென் இருந்தா நோ எரர். திருநெல்வேலி பொண்ணு இதுக்கு ஒரு பழக்கம் வெச்சிருந்தா, பெரிய வார்த்தையெல்லாம் பாத்து முடிச்சதும் திரும்ப ஒரு தடவை சின்ன வார்த்தையை மட்டும் படிப்பா: ஆர்ட்டிகிள், ப்ரிபொசிஷன், ஜோடி வார்த்தை. கடைசி துண்டுல இருந்து முதல் துண்டுக்கு வருவா, நேரா படிச்சா அர்த்தம் புரிஞ்சு கண்ணு வழுக்கிட்டு போயிடும்னு சொல்லுவா. நானும் அப்படியே பழகிக்கிட்டேன், பத்து செகண்ட் கூட ஆகாது.

தமிழ் பேசறவங்க தனியா கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, இதை ஹிந்தியில நடந்த கிளாஸ்ல யாரும் நமக்காக சொல்லித்தர மாட்டாங்க. நம்ம காதுக்கு சரியா கேக்கறதுலயே தப்பு இருக்கும்.

```
I am living in Delhi / for two years /
with my uncle. / No error
```

ரெண்டு வருஷமா மாமா வீட்ல இருக்கேன்னு தமிழ்ல நிகழ்காலத்துலதான் சொல்றோம், அதனால ஆம் லிவிங் நமக்கு உறுத்தவே உறுத்தாது. இங்கிலீஷ்ல அப்போ ஆரம்பிச்சு இப்பவும் தொடர்ந்தா ஹாவ் பீன் லிவிங் வேணும், முதல் துண்டுல தப்பு. அதே மாதிரி டிஸ்கஸ் அபௌட், டிஸ்பைட் ஆஃப், ரிட்டர்ன் பேக், கோப் அப் வித், இதெல்லாம் தினமும் ஆபீஸ்லயும் காலேஜ்லயும் கேட்டு கேட்டு சரின்னு பதிஞ்சு போனது. அபௌட், ஆஃப், பேக், அப் இந்த நாலும் அங்க தேவையில்லாம ஒட்டிக்கிட்டது. அப்புறம் மறைமுகமா கேள்வி வரும்போது, எங்க போறேன்னு கேட்டான்ங்கறதுக்கு ஹி ஆஸ்க்ட் மி வேர் வாஸ் ஐ கோயிங், இதுல வேர் ஐ வாஸ் கோயிங்னு வரணும். அதனால நோ எரர்னு தோணும்போது நான் எனக்குன்னு ஒரு சின்ன லிஸ்ட் வெச்சிருந்தேன், காலம், ஒட்டிக்கிட்ட ப்ரிபொசிஷன், கேள்வியோட வரிசை, இந்த மூணையும் ஒரு தடவை தொட்டுட்டுதான் க்ளிக் பண்ணுவேன்.

எதிர் பக்கமும் சொல்லணும், இல்லாத தப்பை கண்டுபிடிக்கறதுதான் நல்லா படிக்கறவங்ககிட்ட அதிகம். அக்காகிட்ட ஒரு துண்டை காட்டி இது சரியில்லக்கான்னு சொன்னா, "சரி, நீ திருத்தி எழுது"ன்னு பேனாவை நீட்டுவாங்க. திருத்தம் அந்த ஒரே துண்டுக்குள்ள முடியணும், ஒண்ணு ரெண்டு வார்த்தையை மாத்தியோ சேத்தோ எடுத்தோ இடம் மாத்தியோ சரியாகணும், எந்த விதியில தப்புன்னு பேர் சொல்லணும். மூணுல ஒண்ணு முடியலைன்னாலும் அது தப்பில்ல, நமக்கு பிடிக்கலை அவ்ளோதான். இப்படி சொன்னா இன்னும் அழகா இருக்கும்ங்கறதெல்லாம் இந்த கேள்விக்குள்ள வராது. ரெண்டு துண்டை சேத்து மாத்தினாத்தான் சரியாகுதுன்னா, அனேகமா வாக்கியத்தை நம்ம தப்பா புரிஞ்சுக்கிட்டோம்னு அர்த்தம்.

இந்த முறை கை குடுக்காத இடமும் இருக்கு. நன் ஆஃப் தெம்க்கு அப்புறம் இஸ்ஸா ஆரா, டேட்டாவுக்கு ஒருமையா பன்மையா, ரெண்டு பேருக்கு ஈச் அதர், அதுக்கு மேலன்னா ஒன் அனதர்னு ஒரு பழைய விதி, இதுலெல்லாம் இன்னைக்கு டிக்‌ஷனரி ரெண்டையும் ஏத்துக்குது, சில கைடு புக் ஒண்ணைத்தான் ஏத்துக்குது. அப்படி ஒண்ணு வந்தா நான் முதல்ல மத்த ரெண்டு துண்டுல நிச்சயமான தப்பு இருக்கான்னு பாப்பேன், இருந்தா பிரச்சனையே இல்ல. இல்லைன்னா பழைய பேப்பர் கீயில எது சரின்னு வந்திருக்கோ அது பக்கம் போவேன். எக்ஸாமுக்கு அப்புறம் டென்டேட்டிவ் கீ வரும்போது ஒரு கேள்விக்கு இவ்வளவுன்னு ஃபீஸ் கட்டி ஆட்சேபம் போடலாம், அதுக்கு டிக்‌ஷனரி பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கறது நல்லது.

ஹாலுக்கு வெளியில பேசிக்கற கணக்கு ஒண்ணு உண்டு, ஏற்கனவே ரெண்டு நோ எரர் வந்துடுச்சு, மூணாவது வராதுன்னு. ஒவ்வொரு கேள்வியும் தனி, முன்னாடி என்ன வந்துச்சுங்கறது இதை ஒண்ணும் பண்ணாது. ரெண்டு ஆப்ஷனுக்குள்ள சுருக்கிட்டீங்கன்னா விடாம போட்டுடுங்க, சரியானா 2, தப்பானா அரைதான், பாதிக்கு பாதி வாய்ப்புன்னாலும் கணக்கு நம்ம பக்கம்தான் நிக்கும். நாலுல எதுவுமே தோணலைன்னா மார்க் ஃபார் ரிவ்யூ போட்டுட்டு கடைசியில திரும்பி வாங்க, 60 நிமிஷத்துல 100 கேள்வி, ஒரு எரர் கேள்விக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல குடுத்தா மேத்ஸ்ல இடிக்கும்.