ஹோஸ்ட்டில் வரும் பதில், கொண்டெய்னருக்குள் வராது

2022 பெப்ரவரியில் கொழும்புக் கம்பனி ஒன்றின் நேர்முகத் தேர்வு. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடி ஒன்லைனில் முகம் கொடுத்தேன். அமேசனின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். நடத்தும் சொலூஷன்ஸ் ஆர்கிடெக்ட் அசோசியேட் பரீட்சையை அப்போதுதான் முடித்திருந்தேன். மறுபக்கத்தில் இருந்தவர் மட்டக்களப்புக்காரி, எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். பாதுகாப்புப் பிரிவுக்குப் பொறுப்பானவர்.

அமேசனில் வாடகைக்கு எடுக்கும் ஈ.சி.2 இயந்திரத்தின் மெட்டாடேட்டா சேவையில் இரண்டாம் பதிப்பை மட்டும் எப்படிக் கட்டாயமாக்குவது என்று கேட்டார். சொன்னேன். ஏன் கட்டாயமாக்க வேண்டும் என்றார். அதையும் சொன்னேன். அடுத்த கேள்வியில்தான் வாய் அடைத்துப்போனது.

"சரி, நாளைக்குக் காலமை நீங்கள் அதைப் போடுறீங்கள். பின்னேரம் ஆர் உங்களுக்குக் கோல் எடுப்பினம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் கடற்கரையில் போய் இருந்தபோது ஒன்று தெளிவானது. எது சரியான விடை என்று பரீட்சை எனக்குக் கற்றுத் தந்திருந்தது. அந்த விடையை நடைமுறையில் போடும்போது எது அறுந்து விழும், அது திரையில் எப்படித் தெரியும் என்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆகவே பெரிதாக ஒன்றும் திட்டம் போடாமல், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் செய்து பார்க்க ஒரு லாப் கட்ட முடிவெடுத்தேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஈ.சி.2 இயந்திரத்துக்கும் உள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய 169.254.169.254 என்ற முகவரி உண்டு, அதுதான் மெட்டாடேட்டா சேவை. இயந்திரத்துக்கு ஒரு ரோல், அதாவது எதைத் தொடலாம் என்ற அனுமதி, கொடுத்திருந்தால், அந்த ரோலின் தற்காலிகச் சாவிகளை இந்த முகவரியில் கேட்டு வாங்கலாம். முதலாம் பதிப்பில் சாதாரண GET கோரிக்கை ஒன்றே போதும். அந்த இயந்திரத்தில் ஓடும் இணையச் செயலி ஒன்று, வெளியாள் கொடுக்கும் முகவரியைத் தானே போய் எடுத்துத் தருவதாக எழுதப்பட்டிருந்தால், வெளியாள் இந்த உள்முகவரியையே கொடுத்துச் சாவிகளை எடுத்துவிடலாம். இதைத்தான் எஸ்.எஸ்.ஆர்.எஃப். என்கிறார்கள். 2019இல் கேப்பிட்டல் வன் வங்கியின் தரவுகள் இந்த வழியால்தான் போயின. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அமேசன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் முதலில் PUT மூலம் ஒரு டோக்கன் வாங்க வேண்டும், பிறகு அந்த டோக்கனைக் கோரிக்கையின் தலைப்பில் வைத்துத்தான் எதையும் கேட்கலாம். முகவரியை மட்டும் மாற்றக்கூடிய வெளியாளால் இந்த இரண்டையும் செய்ய முடியாது.

மார்ச் மாதம் லாப் வேலையைத் தொடங்கினேன். நாட்டில் எல்லோருக்கும் அந்த மாதம் நினைவிருக்கும். மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. லப்டொப்பில் சார்ஜ் இருக்கும் வரைதான் வேலை. இணையத்துக்குப் போனின் ஹொட்ஸ்பொட். வீடு இருண்டாலும் அமேசனில் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், டொலரும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் எல்லாவற்றையும், எழுதி வைத்தபடி கட்டவும் அழிக்கவும் உதவும் டெராஃபோர்மில் எழுதி, கரண்ட் போவதற்குப் பத்து நிமிடம் முன்னர் `terraform destroy` கொடுத்துவிடுவேன். வரும்போது மறுபடி எழுப்புவேன். நெருக்கடியில் தொற்றிய பழக்கம்தான், ஆனால் ஒரே லாபை இருபது முப்பது தடவை அடியில் இருந்து கட்டியதால் அதன் ஒவ்வொரு துண்டும் கைக்குப் பழகிவிட்டது.

லாபில் மூன்றே பொருட்கள். ஒரு சிறிய இயந்திரம், அதில் டொக்கர் கொண்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓடும் இருபது வரி பைதன் செயலி, போலியான வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றையும் செயலியின் முகப்புப் படத்தையும் வைத்த எஸ்3 பக்கெட் என்ற கோப்புக் கிடங்கு. `/fetch?url=` என்று கேட்டால் அந்த முகவரியைப் போய் எடுத்துத் தரும்படி செயலியை வேண்டுமென்றே ஓட்டையாக எழுதினேன். பிறகு என் சொந்தக் கணக்கையே நான் தாக்கினேன். மூன்று கோரிக்கைகளில் சாவிகள் என் திரையில் இருந்தன: `AccessKeyId`, `SecretAccessKey`, `Token`. அவற்றை லப்டொப்பில் போட்டு எஸ்3இல் இருந்து பட்டியலை இறக்கினேன். புத்தகத்தில் படித்த விஷயம்தான், ஆனாலும் கை நடுங்கியது.

களவு தடயம் வைத்திருக்குமே என்று, கணக்கில் நடப்பவற்றைப் பதியும் கிளவுட்ரெய்லைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. பதிவு வர நேரம் எடுக்கும் என்று கால் மணித்தியாலம் பார்த்திருந்தேன். அப்போதும் இல்லை. பிறகுதான் பார்த்தேன், நிகழ்வு வரலாற்றுப் பக்கம் திறக்கும்போதே `Read-only: false` என்ற வடிகட்டி போட்டிருக்கும். அதை எடுத்ததும் பக்கெட்டுகளைப் பட்டியலிட்ட `ListBuckets` தெரிந்தது. அழைத்தவர் பெயரில் இயந்திரத்தின் அடையாள எண், அழைப்பு வந்த ஐ.பி. முகவரியோ என் போனுடையது. இயந்திரத்துக்குக் கொடுத்த சாவி திருகோணமலையில் இருந்து பேசுகிறது. களவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் பட்டியலை இறக்கிய `GetObject` எந்த வடிகட்டியை எடுத்தாலும் வரவில்லை. எஸ்3 பொருட்களை வாசிப்பது தரவு நிகழ்வு, அதைத் தனியாக ஒரு ட்ரெய்லில் இயக்காவிட்டால் பதிவே ஆகாது. பரீட்சை வினாவில் இந்த விடையை நான் சரியாகவே தெரிந்தெடுத்திருப்பேன். காலியான திரைக்கு முன்னால் இருபது நிமிடம் இருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்து, அடைக்க வேண்டும்.

```
aws ec2 modify-instance-metadata-options \
  --instance-id i-0123456789abcdef0 \
  --http-tokens required
```

மறுபடி தாக்கினேன். 401 என்ற மறுப்பு வந்தது. சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம் செயலியின் முகப்பைத் திறந்தால், எஸ்3இல் இருந்து வர வேண்டிய படம் இல்லை. லொக்கில் `Unable to locate credentials`. கள்ளனோடு சேர்த்து வீட்டுக்காரனையும் வெளியே பூட்டிவிட்டேன்.

இதுதான் அந்த அக்கா கேட்ட பின்னேரக் கோல். ரோலின் அனுமதிகளில் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன், ஒரு மணித்தியாலம் பொலிசியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆனால் அனுமதி இல்லை என்றால் `AccessDenied` வந்திருக்க வேண்டும். சாவியே கிடைக்கவில்லை என்று வந்தால் பிழை அதற்கு முந்திய படியில். ஆகவே டோக்கன் வாங்கும் படியைக் கையால் செய்து பார்த்தேன்.

```
curl -X PUT "http://169.254.169.254/latest/api/token" \
  -H "X-aws-ec2-metadata-token-ttl-seconds: 21600"
```

ஹோஸ்ட்டில், அதாவது இயந்திரத்திலேயே நேரடியாக, அடித்தால் உடனே டோக்கன் வந்தது. அதே கட்டளையைக் கொண்டெய்னருக்குள் அடித்தால் பிழை என்றும் சொல்லாமல், மறுப்பும் சொல்லாமல், அப்படியே நின்றது.

காரணம் ஹொப் லிமிட். டோக்கனைச் சுமந்துவரும் பதில் எத்தனை தாவல் தாண்டலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு, அது இயல்பாக 1. டொக்கரின் பிரிட்ஜ் வலையமைப்பு இன்னொரு தாவலைச் சேர்க்கிறது. பதில் இயந்திரம் வரை வந்து, கொண்டெய்னரின் வாசலில் செத்துப்போகிறது. பழைய GETக்கு இந்த எல்லை இல்லாததால்தான் நேற்று வரை எல்லாம் ஓடியது. `--http-put-response-hop-limit 2` என்று மாற்றினேன், படம் வந்தது.

2 போடுவதிலும் ஒரு விலை இருக்கிறது. அந்த இயந்திரத்தில் ஓடும் எந்தக் கொண்டெய்னரும் இயந்திரத்தின் ரோலை எடுக்கலாம். பல செயலிகள் ஒரே இயந்திரத்தில் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனி ரோல் கொடுக்கும் வழிதான் நல்லது. கொண்டெய்னருக்குள் கட்டளை ஓட்டும் அளவுக்கு ஒருவன் நுழைந்துவிட்டால் இரண்டாம் பதிப்பும் காப்பாற்றாது, அவனும் PUT அடிப்பான். அதையும் லாபில் செய்து பார்த்துக் குறிப்பில் எழுதினேன். இன்று இதே லாபைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டும்: அமேசன் லினக்ஸ் 2023 இமேஜில் டோக்கன் கட்டாயமும் ஹொப் லிமிட் 2உம் இயல்பாகவே வருகின்றன. பிழையைக் காண வேண்டுமென்றால் நீங்களாகவே பழைய நிலைக்கு மாற்ற வேண்டும்.

செக்யூரிட்டி ஸ்பெஷால்டி பரீட்சைக்கு 300 டொலர். மார்ச் தொடக்கத்தில் அது ஏறக்குறைய 60,000 ரூபாய், மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அம்மாவின் சீட்டுக்காசில் கட்டினேன். சான்றிதழ் வீண் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தரவு நிகழ்வு என்று ஒன்று இருப்பதையே பாடத்திட்டம்தான் எனக்குச் சொன்னது, அது இல்லாமல் லாப் மட்டும் செய்திருந்தால் காலித் திரையைப் பார்த்து "களவு போகவில்லை" என்று முடிவெடுத்திருப்பேன். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு லாப் முடித்த பிறகுதான் பரீட்சைத் திகதி எடுத்தேன்.

ஜூலையில் அதே கம்பனிக்கு மறுபடி விண்ணப்பித்தேன். அதே அக்கா. சான்றிதழை ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு என் குறிப்புகளைத் திறக்கச் சொல்லி, பொலிசியை மாற்றி மாற்றி வீணாக்கிய அந்த ஒரு மணித்தியாலப் பகுதியை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். "இதை ஏன் அழிக்கேல்ல?" என்று கேட்டார். அடுத்த முறையும் முதலில் அங்கேதான் போவேன், அதனால் என்றேன். லாபை அவர் முன்னாலேயே எழுப்பி, தாக்கி, தடயம் காட்டி, அடைத்தேன். அந்த வேலை கிடைத்தது.

2023இல் ஒரு வாடிக்கையாளரின் நாற்பது இயந்திரங்களில் இதே மாற்றத்தைச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. டோக்கன் இல்லாத அழைப்புகளை எண்ணும் `MetadataNoToken` என்ற அளவை, அமேசனின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வொட்ச்சில் இருக்கிறது. அது பூச்சியமாக இருந்தால்தான் மாற்றலாம். இரண்டு வாரத்தில் முப்பத்தொன்பது இயந்திரங்கள் பூச்சியத்துக்கு வந்தன, ஒன்றில் செயலி பயன்படுத்திய பழைய எஸ்.டி.கே. நூலகத்தை மாற்ற வேண்டியிருந்தது. இன்றே போடுவோம் என்று வாடிக்கையாளர் தரப்பில் அவசரப்பட்டார்கள். மாத முடிவு வரை பொறுக்கச் சொன்னேன். 31ஆம் திகதி இரவு, அதுவரை பூச்சியமாக இருந்த இயந்திரம் ஒன்றில் எண் ஏறியது. மாதத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடும் அறிக்கை நிரல், பழைய பதிப்பில் பேசிக்கொண்டிருந்தது. அதையும் திருத்திய பிறகு திங்கட்கிழமை காலை மாற்றினோம்.

பின்னேரம் மூன்றரைக்குக் கோல் வந்தது. எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பரீட்சார்த்த இயந்திரத்தில் தானாகவே மாற்றத்தைப் போட்டுப் பார்த்த அவர்களுடைய நிரலாளர் ஒருவர்.

"அண்ணா, ரோல் பொலிசி எல்லாம் சரியா இருக்கு, ஆனா கிரெடென்ஷியல் இல்லை எண்டு சொல்லுது."

"பொலிசியை விடுங்கோ. ஹோஸ்ட்டில டோக்கன் கேட்டா வருதா?"

"வருது."

"கொண்டெய்னருக்குள்ள?"

"அப்பிடியே நிக்குது அண்ணா."