முப்பத்தைந்து கையெழுத்துகளும் ஒரு ‘நாங்கள்’-உம்

டெங்குக் காய்ச்சலால் வேலூரில் மருத்துவமனையில் படுத்திருந்த ஏழாம் வகுப்பு மாணவனுக்கு, வகுப்பில் மீதமிருந்த முப்பத்தைந்து பேரும் கையெழுத்திட்டு அனுப்புவதற்காக நான்கு வரிகள் எழுதினேன்.

சன்னல் ஓரம் உன்றன் இடத்தைச்
சாய்ந்து பார்க்குது வேப்பமரம்;
உன்னை எண்ணி நாங்கள் உள்ளோம்,
ஓடி வாடா சீக்கிரமே!

கரும்பலகையில் எழுதியவுடன், “ஐயா, ‘வாடா’ன்னு எழுதியிருக்கு, நாங்க எப்படிக் கையெழுத்துப் போடறது?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள். பலர் ஒப்பமிடும் பாட்டு அவர்கள் எல்லாருடைய வாய்க்கும் பொருந்த வேண்டும் என்பதால், உடனே ‘வாவா’ என்று மாற்றினேன். அடுத்து எழுந்தவன், “ஐயா, ‘நாங்கள்’னா அவன் அதுல சேரமாட்டானே, ‘நாம்’னு போடலாமா?” என்றான். முன்னிலையாரையும் உள்ளடக்குவது ‘நாம்’, விலக்குவது ‘நாங்கள்’ என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆயினும், “ஓசை கெடும், உட்கார்” என்று சொல்லிவிட்டேன்.

நான் சொன்ன காரணம் பொய்யன்று. ‘நாங்கள்’ இருந்த சீரில் ‘நாம்’ ஓரசையாகிக் குறையும். அதைவிட வலுவான காரணமும் இருந்தது: ‘உன்னை எண்ணி நாம் உள்ளோம்’ என்றால், அவனும் சேர்ந்து அவனையே எண்ணுவதாகப் பொருள் பிறழும். ஆகவே இலக்கணப்படி நான் எழுதியதே சரி. ஆனால் மாணவன் சுட்டியது சொல்லை அன்று, வரியை என்பது அன்றிரவுதான் எனக்கு விளங்கியது. நோயாளியை எண்ணுவதாகச் சொல்லும் எந்த வரியும், எண்ணுகிறவர்களை ஒரு பக்கமும் அவனை மறுபக்கமும் நிறுத்திவிடுகிறது. கீழே முப்பத்தைந்து பெயர்கள் நிற்கும்போது அந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும். அவனும் இருக்கும் ஒரு செயலைச் சொன்னால் ‘நாம்’ தானாக வந்துவிடும் என்று எண்ணி, பின்னிரண்டு அடிகளை மாற்றினேன்.

இன்னும் எத்தனை கதைகள் நமக்கு,
இருந்து பேசிச் சிரிப்போமே!

இதில் ‘சீக்கிரம் வா’ என்னும் அவசரமும் இல்லை. காய்ச்சல் தணிந்த பிறகும் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கைக்காகக் காத்துக் கிடப்பவனிடம் அந்த அவசரத்தைக் காட்டியிருக்க வேண்டியதில்லை. அதற்குள் அட்டை போய்ச் சேர்ந்திருந்தது. மகிழ்ச்சியான நான்கு வரியில் ஒரு சிறுவன் இவ்வளவு நுணுக்கமாகவா பார்ப்பான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்; வகுப்பிலேயே ஒரு சிறுவன் பார்த்தானே என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

அவன் திரும்பி வந்த நாளில் அந்த அட்டையையும் கொண்டுவந்தான். ‘உன்னை எண்ணி நாங்கள் உள்ளோம்’ என்ற அடிக்குக் கீழே, கையெழுத்துகளுக்கு நடுவில் இருந்த சிறு இடைவெளியில், பென்சிலால் தன் பெயரையும் எழுதியிருந்தான். விளையாட்டாக எழுதினானா, விடுபட்டதாக உணர்ந்து எழுதினானா என்று நான் கேட்கவில்லை. மாற்றி எழுதிய அடிகளையும் அவனிடம் காட்டவில்லை. அவை என் பாடக்குறிப்பேட்டிலேயே இருக்கின்றன.