டீ குடித்துவிட்டு வந்தவரின் 0.83

கோத்தகிரிப் பக்கம் ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது சதவீதத்தைத்தான். "எழுபத்தஞ்சு பர்சன்ட் அடைப்பாம், ஸ்டென்ட் வைக்கணுமா?" நான் கோயம்புத்தூரில், இதய ரத்தக் குழாய்களைப் பரிசோதிக்கும் கேத் லேபில் டெக்னீஷியன், வீடு கோத்தகிரி. அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியது டாக்டர்தான். ஆனால் அந்தச் சதவீதம் பெரும்பாலும் படத்தைப் பார்த்துக் கண்ணால் போடும் மதிப்பு என்பதை மட்டும் சொல்லிவிடுவேன்.

கண் எவ்வளவு ஏமாறும் என்பதற்கு ஃபேம் என்ற இதய நோய் ஆய்வில் கணக்கு இருக்கிறது. 50 முதல் 70 சதவீதம் என்று கண்ணுக்குப் பட்ட அடைப்புகளை அளந்தபோது, நூற்றுக்கு 35 மட்டுமே ரத்த ஓட்டத்தை உண்மையில் தடுத்தன. அளக்கும் முறைக்கு எஃப்.எஃப்.ஆர். என்று பெயர். நுனியருகே அழுத்த சென்சார் உள்ள மெல்லிய வயரை அடைப்பைத் தாண்டிச் செலுத்துவோம். அடைப்புக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தால் வகுத்தால் வருவதுதான் எண். 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் பொதுவாக ஸ்டென்ட் பேச்சு எழும்.

சும்மா படுத்திருக்கும்போது அளந்தால் போதாது. முன்னால் அடைப்பு இருந்தால், பின்னால் உள்ள நுண்குழாய்கள் விரிந்துகொடுத்து ரத்தத்தைச் சமாளித்துவிடும். மேட்டில் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும், நெஞ்சு பிடிக்கும். லேபில் யாரையும் மேடேற வைக்க முடியாதே. அதனால் அடினோசின் மருந்தை ஏற்றி நுண்குழாய்களை முழுக்க விரியவைத்து அளக்கிறோம்.

ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒருவர், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சந்தையிலிருந்து வீட்டுக்கு ஏறும்போது மட்டும் வலி. ஆஞ்சியோவில் இரண்டு அடைப்பு: இடது முன் தமனியில் 60 சதவீதம், வலது தமனியில் 75. டாக்டர் இரண்டையும் அளந்து பார்த்துவிடலாம் என்றார்.

முதலில் இடது. வயரின் சென்சாரை, அது உள்ளே போகும் கதீட்டர் குழாயின் வாயில் நிறுத்தி இரண்டு அழுத்தக் கோடுகளையும் ஒன்றாக்கினோம். நைட்ரோகிளிசரின் கொடுத்து, வயரை அடைப்புக்கு அப்பால் கொண்டுபோய், கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் கணக்கில் அடினோசின் ஓடவிட்டோம். எண் 0.83-இல் நின்றது. ஸ்டென்ட் வேண்டாம் என்று எழுதிவிடலாம்.

ஆனால் மனிதர் நிம்மதியாகப் படுத்திருந்தார். அடினோசின் ஏறினால் பெரும்பாலும் முகம் சூடாகும், நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும், பி.பி. கொஞ்சம் இறங்கும். இவரிடம் ஒன்றையும் காணோம். டிரிப் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது. "ஐயா, காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"வெறும் வயிறுதானுங்க தம்பி. மேட்டுப்பாளையத்துல இறங்கி ரெண்டு டீ, அவ்வளவுதான். டீ எல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியாங்க?"

அடினோசின் ஒட்ட வேண்டிய இடத்தை டீயில் உள்ள காஃபின் பிடித்துக்கொள்ளும். குழாய்கள் முழுதாக விரியாது, எண் உள்ளதைவிட உயர்ந்து காட்டும். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். டீயை மணக்க மணக்கக் குடிக்கும் ஊர்க்காரர்களிடம் "வெறும் வயிறோடு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதவே போதாது.

டாக்டர் அடினோசினை நிறுத்தச் சொன்னார். அது உடம்பில் சில நொடிகள்தான் தங்கும். அப்புறம் நிகோரண்டில் 2 மில்லிகிராமைத் தமனிக்குள்ளேயே செலுத்தினார். அது குழாயை விரிக்கும் வழியே வேறு, காஃபினால் அதைத் தடுக்க முடியாது. எண் 0.77-க்கு இறங்கியது. சென்சார் காட்டும் அளவே தானாக விலகிப்போன பிழையும் இருக்கலாமே என்று வயரைக் கதீட்டர் வாய்க்கே இழுத்துப் பார்த்தோம். 1.00 காட்டியது, அதாவது அளவு சரி.

வலது தமனிக்கும் நிகோரண்டில்தான். 75 சதவீதம் என்று பயமுறுத்திய அந்த அடைப்பில் எண் 0.91. அவருக்கு வலது தமனி சிறியது, அது ரத்தம் கொடுக்க வேண்டிய தசையும் குறைவு. இடது முன் தமனியோ பெரும்பகுதித் தசைக்குப் பொறுப்பு. ஒரே அளவு சுருக்கம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இதுதான் காரணம், படத்தில் இது தெரியாது.

இடதுக்கு ஸ்டென்ட், வலதுக்கு மாத்திரை மட்டும். வார்டில் அவருடைய மனைவிக்கு மனசு ஆறவில்லை. "பெருசை விட்டுட்டுச் சின்னதுக்கு வெச்சிருக்கீங்களே" என்றார். டாக்டர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: டிஃபர் என்று ஒரு ஆய்வு, ரத்த ஓட்டத்தைத் தடுக்கவில்லை என்று அளந்து தெரிந்த அடைப்புகளை ஸ்டென்ட் வைக்காமல் விட்டு 15 வருடம் பார்த்தார்கள், அவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. அந்த அம்மா தலையாட்டிவிட்டு, "அப்போ டீ குடிக்கலாமுங்களா?" என்று கேட்டார். தாராளமாக, அடுத்த டெஸ்டுக்கு முந்தின நாளிலிருந்து டெஸ்ட் முடியும்வரை மட்டும் வேண்டாம் என்றேன்.