யார்டில் நின்ற லாபம்

“ஏம்ப்பா, 5 லட்சத்து 10 ஆயிரம் லாபம்னு எழுதியிருக்க. பேங்க்ல ஓடி லிமிட் முட்டிக்கிட்டு நிக்குது. இந்த லாபம் எங்கதான் இருக்கு?”

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகும் வழியில் ஒரு கிரானைட் யூனிட்டில் கணக்குப் பார்த்த காலம் அது. மாதக் கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓனர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வராத பில்களைச் சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை.

யூனிட்டின் கணக்கு இப்படி. (எண்களைக் கொஞ்சம் முழுசாக்கியிருக்கிறேன், விகிதம் அதேதான்.) மாதம் 50,000 சதுர அடி ஸ்லாப் அறுத்து, பாலிஷ் போட்டு, அடி 120 ரூபாய்க்கு விற்போம். வரவு 60 லட்சம். செலவு மொத்தம் 54 லட்சம். அதை 50,000-ஆல் வகுத்தால் அடிக்கு 108 ரூபாய். இந்த 108-ஐத்தான் நான் தாளின் மேலே தடித்த எழுத்தில் போட்டு வைத்திருந்தேன். அடிக்கு 12 ரூபாய் லாபம், மாதம் 6 லட்சம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த மாதம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று தள்ளிப்போய் விற்பனை 15 சதவீதம் குறைந்தது. விற்றது 42,500 அடி. அடிக்கு 12 ரூபாய் என்று பெருக்கினேன், 5 லட்சத்து 10 ஆயிரம் வந்தது. விற்பனை 15 சதவீதம் இறங்கினால் லாபமும் 15 சதவீதம் இறங்குகிறது, சரிதானே என்று நினைத்துவிட்டேன்.

ஓனர் போன பிறகு செலவு வவுச்சர்களை எடுத்து இரண்டு கட்டாகப் பிரித்தேன். கல் பிளாக், கல் அறுக்கும் கேங்சா மெஷினுக்கான பிளேடு, பாலிஷ் கல், எப்பாக்சி, பேக்கிங் மரம், கரண்டில் ஓடிய யூனிட்டுக்கான பணம், லோடிங் கூலி, இதெல்லாம் அறுத்தால்தான் வரும் செலவு. அடிக்கு 72 ரூபாய் ஆனது. ஆபரேட்டர்கள் மாதச் சம்பளம், வாட்ச்மேன், இன்சூரன்ஸ், மெஷின் தேய்மானம், ஷெட் வாடகை இன்னொரு கட்டு. அறுத்தாலும் அறுக்காவிட்டாலும் மாதம் 18 லட்சம், இதுதான் மாறாச் செலவு.

கரண்ட் பில்லை மட்டும் இரண்டாகக் கிழிக்க வேண்டியிருந்தது. யூனிட் கட்டணம் ஓட்டத்துக்கு ஏற்ப மாறும். இவ்வளவு மின்சுமை வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டதற்கான டிமாண்ட் சார்ஜ் அப்படியில்லை. உயரழுத்த இணைப்பில் நாம் ஒப்பந்தம் போட்ட டிமாண்டில் 90 சதவீதத்துக்காவது பணம் கட்டியே ஆக வேண்டும், கேங்சா தூங்கினாலும். ஒரே பில் என்பதால் இரண்டையும் நான் ஒன்றாகவே எழுதி வந்திருந்தேன்.

ஆக, அடி ஒன்றை விற்றால் கையில் மிஞ்சுவது 12 ரூபாய் அல்ல. 120-ல் 72 போக 48. இதைத்தான் பங்களிப்பு என்கிறோம். 50,000 அடிக்கு 24 லட்சம் சேரும், அதிலிருந்து 18 லட்சத்தைக் கட்டினால் மீதி 6 லட்சம். அடி ஒன்று விற்காமல் போனால் 12 ரூபாய் போவதில்லை, 48 போகிறது. 42,500 அடிக்குப் பங்களிப்பு 20 லட்சத்து 40 ஆயிரம். 18 லட்சம் போனால் 2 லட்சத்து 40 ஆயிரம். லாபம் இறங்கியது 15 சதவீதமல்ல, 60 சதவீதம்.

கல்லூரியில் படித்த ஆப்பரேட்டிங் லீவரேஜ் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பங்களிப்பை, வட்டி கழிக்கும் முன் வரும் இயக்க லாபத்தால் வகுத்தால் வரும் எண். 24-ஐ 6-ஆல் வகுத்தால் 4. விற்பனை அளவு 1 சதவீதம் நகர்ந்தால் லாபம் 4 சதவீதம் நகரும். பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். யூனிட் வாசலில் வைத்துப் பார்த்ததில்லை.

நான் எழுதிய 5 லட்சத்து 10 ஆயிரத்தில் மீதி 2 லட்சத்து 70 ஆயிரம் என் தாளில் எப்படி லாபமாக நின்றது? கேங்சா சும்மா நிற்கக் கூடாது என்று அந்த மாதமும் 50,000 அடி அறுத்திருந்தோம். விற்காத 7,500 அடி யார்டில் வரிசையாகச் சாய்ந்து நின்றது. அந்தச் சரக்கை நான் 108 ரூபாய் வீதம் மதிப்பிட்டேன். அதாவது அடிக்கு 36 ரூபாய் மாறாச் செலவைக் கல்லோடு சேர்த்து யார்டில் ஒளித்து வைத்துவிட்டேன். 7,500 பெருக்கல் 36, சரியாக 2 லட்சத்து 70 ஆயிரம். போதாக்குறைக்கு அதே 7,500 அடியை அறுக்க 5 லட்சத்து 40 ஆயிரம் பணம் வேறு போயிருந்தது. ஓடி லிமிட் ஏன் முட்டியது என்பதற்கு அதுதான் பதில். மதிப்பீடு சட்டப்படி தப்பில்லை, ஆண்டுக் கணக்கில் அப்படித்தான் போடுவார்கள். மாதாமாதம் முடிவெடுக்கிற மனிதருக்குக் கொடுக்கிற தாளில் அது என் தப்பு.

மறுநாள் ஓனரிடம் சொன்னேன். 2 லட்சத்து 40 ஆயிரத்தைப் பார்த்ததும், “இது பேங்க் வட்டிக்கே சரியாப் போச்சே” என்றார். உண்மைதான். இந்த 4 என்ற எண்ணில் வட்டி கிடையாது. அது அதற்கு மேல் உட்காரும் இன்னொரு பாரம்.

“அப்ப இன்னும் 15 சதவீதம் இறங்கினா மறுபடி 60 சதவீதம் போகுமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இந்த 4 என்பது 50,000 அடியில் நிற்கும்போது மட்டும்தான். 42,500-ல் நின்று பார்த்தால் 20.4-ஐ 2.4-ஆல் வகுக்க வேண்டும், 8.5 ஆகிவிட்டது. அங்கிருந்து வெறும் 10 சதவீதம் இறங்கி 38,250 அடி விற்றாலே லாபம் 36,000 ரூபாய்தான், 85 சதவீதம் போய்விடும். 37,500-ல் பூஜ்யம். அதற்குக் கீழே இந்த எண்ணைப் பார்ப்பதில் அர்த்தமில்லை, நேராக நஷ்டத்தைப் பார்ப்பதே மேல்.

பழைய நிலைமையையும் போட்டுப் பார்த்தோம். சொந்தமாக பாலிஷ் லைன் வாங்குவதற்கு முன் பாலிஷை வெளியே கூலிக்குக் கொடுத்தோம். அடிக்கு 88 ரூபாய் செலவு, மாறாச் செலவு 10 லட்சம். 50,000 அடியில் அப்போதும் லாபம் 6 லட்சம்தான். ஆனால் 37,500-க்கு விழுந்திருந்தாலும் 2 லட்சம் மிஞ்சியிருக்கும். மெஷின் வாங்கியது தப்பு என்று சொல்ல மாட்டேன். 60,000 அடி விற்றால் புது லைனில் 10 லட்சத்து 80 ஆயிரம், பழைய முறையில் 9 லட்சத்து 20 ஆயிரம். ஏறும்போது தூக்குவதும் இறங்கும்போது அழுத்துவதும் அதே மெஷின்தான்.

அப்போதுதான் ஒரு புரோக்கர் வந்தார். விலையில் 10 சதவீதம் குறைத்தால் பழைய 50,000 அடிக்கு ஆள் பிடிக்கிறேன் என்றார். ஓனருக்கு ஆசை. நான் பேனா எடுத்தேன். 108 ரூபாய்க்கு விற்றால் பங்களிப்பு 36. 50,000 அடிக்கு 18 லட்சம், மாறாச் செலவோடு சரி. பழைய 6 லட்சம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 66,700 அடி விற்க வேண்டும். எங்கள் லைனால் 60,000-க்கு மேல் முடியாது. லீவரேஜ் எண் விற்பனை அளவுக்குத்தான் பேசும். விலை இறங்கினால் லாபம் அதைவிட வேகமாக விழும், ஏனென்றால் குறைந்த 12 ரூபாயோடு சேர்ந்து எந்தச் செலவும் குறையாது.

கடைசியில் பொது விலையைத் தொடவில்லை. யார்டில் நின்ற 7,500 அடியை மட்டும், எங்கள் வழக்கமான ஆட்கள் இல்லாத ஊருக்கு, 95 ரூபாய்க்குத் தள்ளினோம். என் பழைய தாள்படி அடிக்கு 13 ரூபாய் நஷ்டம். புதுத் தாள்படி 1 லட்சத்து 72 ஆயிரத்து 500 ரூபாய் பங்களிப்பு. ஆர்டர் திரும்பும்வரை கேங்சா ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓடியது.

108 இருந்த பத்தியைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். அதன் பிறகு ஓனர் மாதக் கடைசியில் லாபம் கேட்பதை விட்டுவிட்டார். இருபதாம் தேதி வாக்கில் போன் வரும். “37,500 தாண்டிட்டமாப்பா?”